இரவுப் படங்களில் தேவநாகரிக் கடைப் பலகைகள்

திருவள்ளூர் மாவட்டத்தின் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் உருக்காலைகளும் வார்ப்பாலைகளும் இரவிலும் இயங்குகின்றன. பீகார், ஜார்க்கண்ட், உத்தரப்பிரதேசத் தொழிலாளர்களுக்கான உணவகங்கள், ரீசார்ஜ் கடைகளின் பலகைகளில் தேவநாகரியும் இடம்பெறுகிறது. அத்தகைய பலகையை இரவில் கைபேசியில் படமெடுத்து மொழிபெயர்க்கும்போது வரும் பிழை, பெரும்பாலும் மொழிபெயர்ப்புக்கு முன்பே, எழுத்தை அடையாளம் காணும் கட்டத்திலேயே நேர்ந்துவிடுகிறது.

தமிழ் எழுத்துகள் தனித்தனியே நிற்பவை. தேவநாகரியிலோ ஒரு சொல்லின் எழுத்துகளை மேலே சிரோரேகை என்னும் தலைக்கோடு இணைக்கிறது. கொல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் பி. பி. சௌதுரியும் உ. பாலும் 1997இல் வெளியிட்ட முறை போன்ற பழைய முறைகள், மை மிகுந்த கிடைவரிசையைத் தலைக்கோடாகக் கண்டு நீக்கி, எழுத்துகளைப் பிரித்தன. அச்சுத் தாளுக்கு இது பொருந்தும். சாய்வாக எடுத்த படத்தில் கோடு பல வரிசைகளில் சிதறிவிடும். முதலில் சாய்வை நேராக்க வேண்டும். இன்றைய நரம்பு வலையமைப்புகள் வெட்டாமல் சொல்லை முழுதாக வாசிப்பதால் அந்தச் சிக்கல் குறைந்தது. ஒளியால் வரும் சிக்கல் குறையவில்லை.

'தால் பாத்' (பருப்பு, சோறு) என்று எழுதிய எல்இடி பலகையை எடுத்துக்கொள்வோம். 'பாத்' என்பதன் முதலெழுத்துக்கு (U+092D) தலைக்கோடு இடப்பக்கம் சற்று விடுபட்டு, அங்கே ஒரு சிறு சுருள் இருக்கும். அகரவரிசையில் அதற்கு அடுத்த எழுத்தான 'ம'வுக்கு (U+092E) கோடு முழுதாக ஓடும். இருண்ட பின்னணியில் கேமரா அதிக ஒளியை வாங்க, வெளிச்சம் கோட்டைத் தாண்டிக் கசிந்து அந்த இடைவெளியை அடைத்துவிடுகிறது. 'பாத்' 'மாத்' ஆகிறது. 'மாத்' என்றால் தோல்வி. அதுவும் அகராதியில் உள்ள சொல் என்பதால் எழுத்துப் பிழைச் சரிபார்ப்பு அதைத் தடுக்காது. பக்கத்துச் சொல்லான 'தால்' தரும் குறிப்பைக் கருவி பயன்படுத்தினால்தான் பிழை திருந்தும். 'கர்' (வீடு), 'தர்' (பிடி) என்ற சொற்களின் முதலெழுத்துகளும் இதே இடைவெளியால் குழம்புகின்றன.

கூட்டெழுத்துப் பிழை வேறு வகை. 'ஶுத்த' (தூய) என்பதில் இரு மெய்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக நெருங்கி நிற்கும். இரவில் அவை ஒரே ஒளித்திட்டாகி வேறு கூட்டெழுத்தாக வாசிக்கப்படலாம். ஆனால் கிடைப்பது பெரும்பாலும் பொருளற்ற சொல், ஆகையால் எளிதில் பிடிபடும். அந்த வகையில் தலைக்கோட்டுப் பிழையே ஆபத்தானது.

பிழையின் மூலம் படத்திலேயே தெரியும். பெரிதாக்கிப் பார்த்தால் எழுத்தின் நடு வெண்மையாகி, ஓரங்கள் தடித்திருக்கும். அப்படி வெளுத்துப்போன இடத்தைப் பின்னால் திருத்தி மீட்க முடியாது. எனவே படமெடுக்கும்போதே பலகையின் மீது தொட்டு, இடைவெளி தெரியும்வரை வெளிச்சத்தைக் குறைக்க வேண்டும். எழுத்தை அடையாளம் காணும் டெசராக்ட் மென்பொருளின் 4ஆம் பதிப்பு வெளிர் பின்னணியில் கருமையான எழுத்தை எதிர்பார்ப்பதால், படத்தை எதிர்மறையாக்கிய பிறகு இந்தக் கட்டளையை இடலாம்:

```
tesseract palagai.png out -l hin --psm 7
```

இதில் `--psm 7` படத்தை ஒற்றை வரியாக வாசிக்கச் சொல்கிறது. வந்த இந்தி வரியைப் பலகையோடு ஒருமுறை ஒப்பிட்டுவிட்டு, பிறகே மொழிபெயர்ப்புக்கு அனுப்புங்கள்.