எந்தக் கனவிலிருந்து தொடங்குவது?

உளக்காயத்துக்குப் பின் வரும் கொடுங்கனவைக் குணப்படுத்த, நடந்த கொடுமையை முதலில் முழுதாகச் சொல்ல வைக்க வேண்டும் என்று பல மருத்துவர்கள் நினைக்கிறார்கள். கற்பனை ஒத்திகைச் சிகிச்சைக்கு அது தேவையில்லை. பாரி கிராக்கோவும் குழுவினரும் நியூ மெக்சிகோவில் நடத்தி, 2001இல் ‘ஜாமா’ இதழில் வெளியிட்ட ஆய்வில், பாலியல் வன்முறைக்கு ஆளான 168 பெண்கள் பங்கேற்றனர். சிகிச்சை மூன்றே அமர்வுகள். நடந்ததை விவரிக்கும்படி யாரையும் தூண்டவில்லை. ஆயினும் காத்திருப்போர் பட்டியலில் இருந்தவர்களைவிடச் சிகிச்சை பெற்றவர்களுக்குக் கொடுங்கனவுகள் நன்றாகக் குறைந்தன, தூக்கமும் மேம்பட்டது.

செய்முறையை விளக்க ஒரு நோயாளியைக் கற்பனை செய்துகொள்வோம். அவருக்கு வாரத்தில் ஐந்து இரவுகள் கொடுங்கனவு. ஒரு கனவில் நடந்த சம்பவமே அப்படியே திரும்ப வருகிறது. மற்றொன்றில் வாகன நிறுத்தத்தில் சாவியைத் தேடுகிறார், பின்னால் காலடி ஓசை. இரண்டாவதையே முதலில் எடுக்க வேண்டும். சம்பவத்தின் நேர்ப்பிரதியான கனவு மாற்றத்துக்கு எளிதில் இடம்கொடுக்காது, பயிற்சியையே வெறுக்கவும் வைத்துவிடும்.

முதலில் கனவு நாட்குறிப்பு. கொடுங்கனவு தொடக்கத்தில் காயத்தின் விளைவாக இருந்தாலும் நாளடைவில் பழக்கமாகவும் நிலைத்துவிடும் என்று நோயாளிக்கு விளக்க வேண்டும். பிறகு இனிமையான காட்சி ஒன்றை மனத்தில் நிறுத்தப் பழக்க வேண்டும். அதுவே கைகூடாதவரிடம் கொடுங்கனவைக் கொடுப்பது அவசரம்.

அடுத்து, தேர்ந்த கனவை அவர் எழுதுகிறார். மருத்துவர் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: “உங்களுக்குத் தோன்றுகிறபடி மாற்றுங்கள்.” இங்கேதான் நல்ல மருத்துவர்களும் சறுக்குகிறார்கள், போலீஸ் வந்து காப்பாற்றுவதாக ஒரு முடிவைத் தாங்களே தந்துவிடுகிறார்கள். நம் நோயாளியோ காலடி ஓசையைத் தன் அக்காவினுடையதாக மாற்றுகிறார். அக்கா கையில் காபி, இருவரும் சிரித்தபடி நடக்கிறார்கள். தர்க்கம் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டியதில்லை.

இந்தப் புதிய வடிவத்தை மட்டும், பழையதைத் தொடாமல், விழித்திருக்கும்போது நாள்தோறும் பத்து இருபது நிமிடம் மனத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும். பழைய காட்சி குறுக்கிட்டால் நிறுத்திவிட்டு இனிய காட்சிக்குத் திரும்பலாம். ஒத்திகை முடிந்தபின் படபடப்பு மிஞ்சினால், புதிய கனவிலும் பழி தீர்க்கும் ஆவேசம் போன்ற ஏதோ ஒன்று ஒட்டியிருக்கிறதா என்று பார்த்து, அவரையே மீண்டும் மாற்றச் சொல்ல வேண்டும். புதிய கனவு உறக்கத்தில் வராமலே போகலாம். அது தோல்வியல்ல. நாட்குறிப்பில் எண்ணிக்கையும் வேதனையும் குறைகின்றனவா என்பதே அளவுகோல்.

எல்லோருக்கும் இது பலிப்பதில்லை. வியட்நாம் போரில் பணியாற்றிய 124 முன்னாள் படைவீரர்களிடம் குக் குழுவினர் நடத்தி 2010இல் வெளியிட்ட ஆய்வில், தூக்கத்தையும் கொடுங்கனவையும் சமாளிக்கக் கற்றுத்தந்த மாற்றுச் சிகிச்சையைவிட இது மேம்பட்ட பலன் தரவில்லை. பல்லாண்டுப் பழைய காயத்துக்கு மூன்று அமர்வு போதும் என்று வாக்களிப்பது தவறு. நாட்குறிப்பில் அசைவே இல்லாதவரிடம் உறக்கத்தில் மூச்சுத் தடைபடுகிறதா என்று சோதித்த பிறகே, வேறு கனவுக்கோ உளக்காயத்துக்கான நேரடிச் சிகிச்சைக்கோ மாற வேண்டும்.