மூன்று நிலை, மூன்று விலை

கென்னத் ஆரோ அமெரிக்கப் பொருளாதார அறிஞர். 1972-இல் நோபல் பரிசு பெற்றவர். ஆனால் அவருடைய முக்கியமான கட்டுரை ஒன்று முதலில் அச்சேறியது பிரெஞ்சு மொழியில்தான். 1952-இல் பாரிசில் நடந்த கருத்தரங்குக்காக எழுதியது. 1953-இல் அங்கே வெளிவந்தது. ஆங்கிலத்தில் வர 1964 ஆயிற்று. பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் எனக்கு அதில் ஒரு சின்னப் பெருமை உண்டு.

அவர் சொன்னது இதுதான்: நாளை என்ன நடக்கும் என்று தெரியாது, என்னென்ன நடக்கலாம் என்று பட்டியல் போடலாம். ஒரு குறிப்பிட்ட நிலை வந்தால் மட்டும் 1 பிராங்க் தரும் சீட்டுக்கு இன்று என்ன விலை? அதுவே 'நிலை விலை'.

பிரான்சில் ஒரு திராட்சைத் தோட்டக் கம்பெனி என்று வைத்துக்கொள்வோம். அடுத்த ஆண்டு விளைச்சல் நன்றாக இருக்கலாம், சுமாராக இருக்கலாம், பொய்த்தும் போகலாம். சந்தையில் மூன்று பத்திரங்கள் உள்ளன. கடன் பத்திரம் எப்படியானாலும் 100 தரும், விலை 90. கம்பெனிப் பங்கு அந்த வரிசையில் 300, 200, 100 பெறும், விலை 170. அந்தப் பங்கை அப்போது 200-க்கு வாங்கும் உரிமைச் சீட்டு நல்ல விளைச்சலில் மட்டும் 100 லாபம் தரும், விலை 20.

உரிமைச் சீட்டிலிருந்து தொடங்குவோம். 100-க்கு 20 என்றால் நல்ல விளைச்சலின் நிலை விலை 0.20. கடன் பத்திரத்தின் 90-இல் இதற்கு 20 போக மீதி 70. பங்கின் 170-இல் 60 போக மீதி 110. முதல் மீதி மற்ற இரு நிலைகளிலும் நூறு நூறுக்கு; இரண்டாவது 200-க்கும் 100-க்கும். வித்தியாசமான 40, சுமார் விளைச்சலின் 100-க்கு உரியது. ஆகவே அதன் விலை 0.40, பொய்த்தால் 0.30.

இனி எதையும் விலை போடலாம். சுமாரானால் 50, பொய்த்தால் 150 தரும் காப்பீடு ஒன்றை 72-க்கு விற்க வருகிறார்கள். கணக்கு: 20 + 45 = 65. மிச்சம் 7 விற்பவர் பைக்கு. மெய்தானா? 2½ கடன் பத்திரமும் அரை உரிமைச் சீட்டும் வாங்கி, ஒரு பங்கை இரவல் வாங்கி விற்றால் அதே பலன் 65-க்கே கிடைக்கும்.

ஒன்று கவனியுங்கள்: 0.30 என்பது பொய்க்கும் வாய்ப்பின் அளவு அல்ல. கஷ்டகாலத்தில் வரும் பணத்துக்கு மதிப்பு அதிகம். அதுவும் விலையில் கலந்திருக்கிறது.

உரிமைச் சீட்டுக்குப் பதில் 400, 300, 200 தரும் பத்திரம் இருந்தால் கணக்கு நின்றுவிடும். அது பங்கும் கடன் பத்திரமும் சேர்ந்ததே; புதிதாக ஒன்றும் சொல்லாது. மூன்று பத்திரங்களில் எதையும் மற்ற இரண்டைக் கொண்டு செய்ய முடியாவிட்டால்தான் அது முழுமையான சந்தை. நிஜ வாழ்வில் நிலைகள் ஏராளம், பத்திரங்கள் குறைவு. அங்கே ஒரே விலை கிடைக்காது, ஒரு வரம்பு மட்டுமே கிடைக்கும்.