பெட்டி திறப்பு மதிப்பாய்வுக் காணொளி: ஜொகூர் நடைமுறை

பெட்டி திறப்பு மதிப்பாய்வுக் காணொளி என்பது, ஒரு பொருளைப் பெட்டியிலிருந்து எடுப்பது தொடங்கிப் பயன்படுத்திப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது வரை பார்வையாளருக்குக் காட்டும் பதிவு. 'அன்பாக்சிங்' என்ற பெயரே பேச்சில் நிலைத்துவிட்டது. ஜொகூரில் தமிழில் இத்தகைய காணொளி எடுப்பவர் மூன்று வழிகளில் பொருளைப் பெறுகிறார்: சொந்தக் காசில் வாங்குகிறார், நிறுவனம் இலவசமாக அனுப்புகிறது, அல்லது பணமும் சேர்த்துத் தருகிறது. டிக்டாக் கடையின் 'பெக் கூனிங்' எனப்படும் மஞ்சள் பை இணைப்பு வழியாக விற்பனைக் கழிவு வாங்குவது இவற்றோடு சேரக்கூடிய வருமானம். சொந்தக் காசில் வாங்கிய பொருளுக்கும் கழிவு வரக்கூடும் என்பதால், அறிவிப்பில் அதிகம் மறக்கப்படுவதும் இதுவே.

மலேசியாவில் 2022ஆம் ஆண்டின் உள்ளடக்க நெறித்தொகுப்பு இதற்கு அடிப்படை. சமூக ஊடகப் பிரபலம் பணமாகவோ பொருளாகவோ பலன் பெற்றிருந்தால், அந்தப் பதிவு விளம்பரம் என்பதைத் தெளிவாகத் தெரிவிக்க வேண்டும் என்கிறது அது. ஆகவே 'காசு வாங்கவில்லை, பொருள்தான் கொடுத்தார்கள்' என்பது மறைப்பதற்குக் காரணமாகாது. மருந்துப் பொருள்களில் அறிவிப்பு மட்டும் போதாது. 1956ஆம் ஆண்டின் மருந்து விளம்பர, விற்பனைச் சட்டத்தின்படி அவற்றின் விளம்பரத்துக்கு மருந்து விளம்பர வாரியத்தின் முன் அனுமதி தேவை. புதிதாகத் தொடங்குபவர் அந்த வகையைத் தொடாமலிருப்பது நல்லது.

இந்த விதிகளின் தேவையைக் காட்டிய நிகழ்வு கடற்பாலத்துக்கு அப்பால் நடந்தது. 2015 மார்ச்சில் சிங்கப்பூரின் குஷ்கிளவுட் என்ற விளம்பர முகவை, சிங்டெல்லின் இளையர் கைப்பேசித் திட்டத்துக்காகத் தன் வலைப்பதிவர்களுக்கு அனுப்பிய குறிப்பு வெளியில் கசிந்தது. போட்டி நிறுவனங்களான எம்1, ஸ்டார்ஹப் சேவைகளைப் பற்றிக் குறைப்பட்டுக்கொள்ளும்படி அதில் கேட்கப்பட்டிருந்தது. சிங்டெல் அவ்விரு நிறுவனங்களிடமும் மன்னிப்புக் கேட்டு, முகவையுடனான தொடர்பைத் துண்டித்தது. அடுத்த ஆண்டு சிங்கப்பூர் விளம்பரத் தர ஆணையம் சமூக ஊடக விளம்பரத்துக்கான வழிகாட்டியை வெளியிட்டது. பாராட்டுக்கு மட்டுமன்றித் திட்டுக்கும் பணம் கொடுக்கப்படும் என்பது அப்போது பலருக்குப் புதிய செய்தி. போட்டிப் பொருளோடு ஒப்பிடும் காணொளியில், ஒப்பீட்டை யார் கேட்டார்கள் என்பதும் சொல்லப்பட வேண்டியதற்குக் காரணம் இதுதான்.

அறிவிப்பு வர வேண்டிய இடம், பொருளைப் பற்றிய முதல் கருத்துக்கு முன்னால். ஜொகூர் பாருவில் ஒருவருக்கு ஒரு கடை 20,000 mAh பவர் பேங்க் ஒன்றை இலவசமாக அனுப்பியது என்று வைத்துக்கொள்வோம். அவர் கேமராவைப் பார்த்துச் சொல்ல வேண்டியது இவ்வளவே: "இந்த பவர் பேங்க்கைக் கடை இலவசமா அனுப்புச்சு, திருப்பிக் கொடுக்க வேணாம். காசு எதுவும் தரலை. வெளியிடறதுக்கு முன்னாடி அவங்க இதைப் பார்க்கவும் இல்லை. கீழே இருக்கிற லிங்க்ல வாங்குனா எனக்குக் கமிஷன் வரும்." நான்கு வாக்கியங்களில் என்ன கிடைத்தது, யார் கையில் கட்டுப்பாடு, இனி என்ன கிடைக்கும் என்ற மூன்றும் வந்துவிடுகின்றன. 'கொலாப்', 'நன்றி' போன்ற சொற்கள் இவற்றில் எதையும் சொல்வதில்லை. யூடியூபில் கட்டண விளம்பரக் கட்டத்தைத் தேர்ந்தால் தொடக்கத்தில் சில விநாடிகள் குறிப்புத் தோன்றி மறையும். இடையிலிருந்து பார்ப்பவர் அதைக் காணமாட்டார் என்பதால் வாய்ச்சொல்லும் திரையெழுத்தும் தேவைப்படுகின்றன. எவ்வளவு நேரம் எழுத்து நிற்க வேண்டும் என்பதற்கு இந்திய விளம்பரத் தரக் குழுமத்தின் 2021 நெறி நல்ல அளவுகோல்: 15 விநாடி வரையிலான காணொளியில் குறைந்தது 3 விநாடி, 2 நிமிடத்துக்குள் இருந்தால் மொத்த நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதற்கு மேலென்றால் பொருளைப் பற்றிப் பேசும் பகுதி முழுவதும். ஜொகூரில் அது கட்டாயமில்லை. ஆனாலும் இவ்வளவு துல்லியமான அளவு வேறெங்கும் எளிதில் கிடைக்காது.

பெட்டி திறக்கும் பகுதி வெட்டில்லாத ஒரே பதிவாக இருக்க வேண்டும். முகவரிச் சீட்டை மறைத்து, முத்திரை நாடாவை நான்கு பக்கமும் காட்டி, பிறகு கத்தி வைப்பது வழக்கம். வெளிச்சம் சரியில்லை என்று பெட்டியை மீண்டும் ஒட்டி இரண்டாம் முறை 'திறப்பது' அடிக்கடி நடக்கிறது. நாடாவின் அடியில் காகிதம் உரிந்திருப்பதும், உள்ளுறை மடிப்பு தளர்ந்திருப்பதும் அதைக் காட்டிக்கொடுக்கும். மறுபடி எடுத்தால், எடுத்ததாகச் சொல்லிவிட்டால் போதும். வெட்டில்லாத பதிவுக்கு இன்னொரு பயனும் உண்டு: இணையக் கடைகளில் பொருள் குறைந்தோ உடைந்தோ வந்தால் விற்பவர் கேட்கும் சான்று அதுவே. கைப்பேசியானால் அது மலேசியா செட்டா, ஏ.பி. செட்டா என்பதை இங்கேயே சொல்ல வேண்டும். உத்தரவாதம் அதைப் பொறுத்தது. விலை வேறுபாட்டுக்கும் பெரும்பாலும் அதுவே காரணம். ஐஎம்இஐ எண்ணைத் திரையில் மறைத்துவிட வேண்டும்.

அடுத்தது சோதனை. பவர் பேங்க் காணொளிகளில் நேர்மை பெரும்பாலும் கணக்கில்தான் சறுக்குகிறது. பெட்டியில் உள்ள 20,000 என்பது உள்ளிருக்கும் மின்கலத்தின் 3.7 வோல்ட் அளவு. யூஎஸ்பி வழியே வெளிவருவது 5 வோல்ட். மாற்றும்போது கொஞ்சம் வெப்பமாகவும் போய்விடுகிறது. 85 விழுக்காடு தேறும் என்று கொண்டால்:

```
20,000 mAh × 3.7 V = 74 Wh
74 Wh × 0.85 = 62.9 Wh
62.9 Wh ÷ 5 V = 12,580 mAh
```

இது தெரியாதவர் மீட்டரில் 12,500 பார்த்ததும் 'ஏமாற்று' என்று தலைப்பு வைத்துவிடுவார். அது கடைக்குச் செய்யும் அநியாயம். இலவசமாக வாங்கிய பொருளைத் திட்டுவதால் மட்டும் ஒருவர் நேர்மையானவர் ஆகிவிடமாட்டார். பல பெட்டிகளில் பின்பக்கம் சிறிய எழுத்தில் 5 வோல்ட் கொள்ளளவும் அச்சிட்டிருப்பார்கள். ஒப்பிட வேண்டியது அந்த எண்ணோடு. முழுதாக மின்னேற்றி, மீட்டரும் 5 வோல்ட் 2 ஆம்பியர் சுமையும் மாட்டினால் ஏறக்குறைய ஆறேகால் மணி நேரம் ஓட வேண்டும். தொடக்கத்தையும் முடிவையும் கடிகாரத்தோடு படம்பிடித்து, நடுப்பகுதியை வேகமாக ஓட்டிக் காட்டலாம். மூன்றரை மணி நேரத்தில் அணைந்தால் 35 வாட் மணிதான் வெளிவந்திருக்கிறது. அப்போது குற்றம் சாட்ட இடமுண்டு. மலிவான மீட்டரில் பிழை இருக்கும் என்பதால் சோதனையை இன்னொரு முறை செய்து இரண்டு எண்களையும் சொல்வது முறை. கைப்பேசி எத்தனை விழுக்காடு ஏறியது என்பதை மட்டும் காட்டினால் அது அளவீடாகாது.

சோதனை எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும், அனுப்பியவர் பொறுக்கி எடுத்த பொருளாக அது இருக்கக்கூடும். அதே மாதிரியைக் கடையில் காசு கொடுத்து வாங்கி மறுசோதனை செய்வதே இதற்குத் தீர்வு. கட்டுப்படியாகாதபோது, 'கடை அனுப்பிய ஒன்றை மட்டும் சோதித்தேன்' என்ற வாக்கியம் தீர்ப்புக்குப் பக்கத்திலேயே வர வேண்டும். குறைகளைக் கடைசி அரை நிமிடத்தில் வேகமாகச் சொல்லி முடிப்பதும் ஒருவகை மறைப்பு. பொருளைப் பாராட்டும் அதே இடத்தில், அதே நிதானத்தில் அவை வர வேண்டும். எவ்வளவு நாள் பயன்படுத்திய பிறகு இந்தத் தீர்ப்பு என்பதும் கூடவே சொல்லப்பட வேண்டும்.

சிக்கல் பெரும்பாலும் ஒப்பந்தத்தில் தொடங்கும். 'வெளியிடும் முன் எங்களுக்குக் காட்டுங்கள்' என்பது விலையிலோ மாதிரி எண்ணிலோ உள்ள பிழையைத் திருத்த மட்டும் என்றால் ஏற்கலாம். 'குறைகளைச் சொல்ல வேண்டாம்' என்றோ, எழுதிக் கொடுத்த வரிகளைப் படிக்கச் சொல்லியோ வந்தால் அந்தக் காணொளிக்கு மதிப்பாய்வு என்று பெயர் வைக்க முடியாது. விளம்பரம் என்றே தலைப்பிட்டு எடுக்கலாம், அல்லது பொருளைத் திருப்பி அனுப்பலாம்.

வெளியான பிறகு பிழை தெரிந்தால், யூடியூபில் அதே இணைப்பில் புதிய காணொளியை மாற்றி வைக்க வழியில்லை. தவறான பகுதியை எடிட்டரில் வெட்டி நீக்கலாம். என்ன வெட்டப்பட்டது, சரியான எண் எது என்பதை விளக்கக் குறிப்பின் முதல் வரியிலும், மேலே நிறுத்திய கருத்திலும் தேதியோடு எழுதுகிறார்கள். கடை பின்னர் பணம் கொடுத்தாலோ, கழிவு இணைப்புப் பிறகு சேர்க்கப்பட்டாலோ அதையும் அங்கேயே குறிக்க வேண்டும்.