ஐந்நூறில் ஒரு தொலைபேசி அழைப்பு

தொலைபேசி அடிக்கிறது. எடுக்கிறோம். முதலில் ‘ஹலோ’ சொல்வது யார்? எடுத்தவர்தான். பேச வேண்டிய விடயம் அழைத்தவரிடம் இருக்க, ஒன்றும் தெரியாதவர் ஏன் முதலில் வாய் திறக்கிறார்?

அமெரிக்க சமூகவியலாளர் இமானுவேல் ஷெக்லொஃப் 1968இல் வெளியிட்ட ஆய்வு இந்தக் கேள்வியில்தான் நிற்கிறது. பொலிஸ் நிலையமொன்றின் தொலைபேசி ஒலிப்பதிவுகளில் ஏறக்குறைய 500 அழைப்புகளின் தொடக்கங்களை அவர் ஆராய்ந்தார். ‘எடுத்தவரே முதலில் பேசுவார்’ என்ற விதி ஒன்றைத் தவிர எல்லாவற்றுக்கும் பொருந்தியது. அந்த ஒன்றில், மறுமுனையில் தொலைபேசி எடுக்கப்பட்டது. ஒரு செக்கன் அளவு மௌனம். பிறகு அழைத்த பொலிஸ்காரரே ‘ஹலோ’ என்றார்.

விதிவிலக்கு என்று அதை ஒதுக்கிவிடாமல், விதியையே அவர் மாற்றி எழுதினார். தொலைபேசி மணி வெறும் சத்தமல்ல, அது ஒரு கூப்பிடுதல். எடுத்தவர் சொல்லும் ‘ஹலோ’ வணக்கமல்ல, கூப்பிட்டதற்கான பதில். பதில் வராவிட்டால் திரும்பக் கூப்பிடுவோம். பொலிஸ்காரரின் ‘ஹலோ’ அந்த இரண்டாவது கூப்பிடுதல். இப்படிப் பார்த்தால் 500 அழைப்புகளும் ஒரே ஒழுங்குக்குள் வந்துவிடுகின்றன.

இதற்குத் தொலைபேசியே தேவையில்லை. பிள்ளை ‘அம்மா’ என்கிறது. ‘என்ன?’ என்று கேட்டுவிட்டால் அம்மா காதுகொடுக்க வேண்டும். பிள்ளையும் ஏதாவது சொல்லியாக வேண்டும். கூப்பிடுதலும் பதிலும் ஒருபோதும் அத்துடன் முடிவதில்லை. வேலையில் மூழ்கியிருக்கும் அம்மா சிலவேளை ‘என்ன’ சொல்லாமல் இருப்பதன் காரணமும் இதுவாக இருக்கலாம்.

அடுத்து, யார் பேசுவது என்று அறிவதும் வணக்கமும் நடக்கும். பிறகு ‘எப்படிச் சுகம்?’ இதற்கு ‘ஓம், சுகமாயிருக்கிறன்’ என்றால் அந்தப் பேச்சு அங்கே மூடிக்கொள்ளும். ‘சரியான கஷ்டம்’ என்றாலோ, ‘நல்ல சந்தோஷம்’ என்றாலோ கேட்டவர் ‘ஏன், என்ன?’ என்று கேட்டே ஆகவேண்டும். அழைத்த விடயம் பின்னுக்குப் போகும். கஷ்டத்தில் இருப்பவரும் பலவேளை ‘சுகம்’ என்று சொல்வது இதனால்தான். ஆனால் கெயில் ஜெஃபர்சன் 1980இல் இன்னொன்றைக் காட்டினார்: பதில் வழமையைவிட ஒரு படி இறங்கியிருந்தால், பின்னால் ஒரு பிரச்சினை இருக்கக்கூடும் என்பதற்கு அது முன்குறிப்பு. எங்களுடைய ‘ம்… ஏதோ இருக்கிறன்’ அந்த இரகம் என்பது என் எண்ணம். கவனித்தவர் ‘ஏன் ஒரு மாதிரிக் கதைக்கிறாய்?’ என்பார். கவனிக்காதவர் தன் அலுவலுக்குப் போய்விடுவார்.

அவசர அழைப்புகளில் இந்தப் படிகள் குறைந்துவிடும். அமெரிக்க அவசர சேவை அழைப்புகளை 1980களில் ஆராய்ந்த வேலனும் சிம்மர்மனும், அங்கே வணக்கமும் சுகவிசாரிப்பும் வழமையாக இடம்பெறுவதில்லை என்று கண்டார்கள். எடுத்தவர் சேவையின் பெயரைச் சொன்னதும், அழைத்தவர் நேரே என்ன நடந்தது என்று சொல்லத் தொடங்குகிறார்.