மைக்ரோவேவ் அடுப்பு சத்தை அழிக்குமா? கீரைக்கு நன்மை, பச்சை மரவள்ளிக்கு ஆபத்து

பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் எல்லையோரத் தமிழ்க் குடும்பங்களில் முதல் நாள் சாம்பாரையும் சோற்றையும் மைக்ரோவேவ் அடுப்பில் சூடாக்குவது இன்று வழக்கமாகிவிட்டது. அந்த உணவில் சத்து இருக்காது, கதிர்வீச்சு கலந்துவிடும் என்ற அச்சமும் கூடவே நிலவுகிறது. இதற்கான விடை, உணவில் உள்ள நீரை மையமாகக் கொண்டது.

வெப்பம் உருவாகும் விதம்

நீர் மூலக்கூறின் ஒரு முனை நேர்மின் தன்மையும் மறுமுனை எதிர்மின் தன்மையும் கொண்டது. அடுப்பிலிருந்து வெளிப்படும் நுண்ணலையின் மின்புலம் நொடிக்கு 245 கோடி சுழற்சிகள் என்ற வேகத்தில் திசை மாறுகிறது. அதற்கேற்பத் திரும்ப முயலும் நீர் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று மோதுவதால் வெப்பம் பிறக்கிறது.

இந்த அலை எக்ஸ் கதிரைப் போன்றதன்று. அதன் ஒரு துகளின் ஆற்றல், வேதிப் பிணைப்பு ஒன்றை உடைக்கத் தேவையான ஆற்றலில் லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை. எனவே உணவு கதிரியக்கத் தன்மை பெறுவதில்லை. அடுப்பை நிறுத்தியதும் அலையும் நின்றுவிடும். உணவில் எஞ்சுவது வெப்பம் மட்டுமே.

சத்து எங்கே போகிறது?

வைட்டமின் சி, ஃபோலேட் ஆகியவை நீரில் கரைபவை. நீண்ட நேர வெப்பத்தில் சிதைபவை. கீரையை நிறைய நீரில் வேகவைத்து அந்த நீரைக் கொட்டினால் அவற்றில் ஒரு பகுதி நீரோடு போய்விடும். மைக்ரோவேவில் சிறிதளவு நீர் தெளித்து, மூடி, ஓரிரு நிமிடங்களில் வேகவைத்தால் இழப்பு பொதுவாகக் குறையும். அங்கும் நீரை நிறைய ஊற்றி நெடுநேரம் வைத்தால் அதே இழப்பு நேரிடும். சத்தைத் தீர்மானிப்பவை நீரின் அளவும் நேரமுமே.

மரவள்ளியில் கவனம்

ஆனால் சில உணவுகளில் நீரைக் கொட்டுவதுதான் பாதுகாப்பு. கேரளத்தில் கப்பா எனப்படும் மரவள்ளிக்கிழங்கில் லினமாரின் என்ற பொருள் உள்ளது. இது சிதையும்போது நச்சுத்தன்மை வாய்ந்த சயனைடு உருவாகிறது. கசப்பு வகைக் கிழங்குகளில் இதன் அளவு அதிகம். கிழங்கைச் சிறு துண்டுகளாக நறுக்கி, நிறைய நீரில் வேகவைத்து, நீரை வடித்துவிடுவது இல்லங்களில் வழிவழியாகப் பின்பற்றப்படும் முறை.

திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் உள்ள மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 1985-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வும் இதற்கு வலுச் சேர்க்கிறது. நீரில் வேகவைக்கும்போது, துண்டுகள் சிறியவையாக இருந்தால் லினமாரின் அதிகமாக நீங்கியது. ஆவியில் வேகவைத்தலும் சுடுதலும் அதைச் சிறிதளவே குறைத்தன. வெப்பம் மட்டும் லினமாரினை எளிதில் அழிப்பதில்லை. அது நீரில் கரைந்தே வெளியேறுகிறது. பச்சைக் கிழங்கை நீரின்றி மைக்ரோவேவில் வேகவைத்தால், கரைந்து செல்ல வழியின்றி அது கிழங்கிலேயே தங்கிவிடும். முன்னரே வேகவைத்து நீர் வடித்த கிழங்கைச் சூடாக்குவதில் இந்தச் சிக்கல் இல்லை.

குளிர்ந்த நடுப்பகுதி

நுண்ணலைகள் உணவினுள் சுமார் இரண்டு, மூன்று சென்டிமீட்டர் ஆழம் வரைதான் செல்லும். அதற்கு உட்பட்ட பகுதி, வெளிப்பகுதியிலிருந்து வெப்பம் கடந்து வந்தால்தான் சூடாகும். விளிம்பில் ஆவி பறக்கும்போதே நடுவில் உணவு குளிர்ந்திருக்கக் காரணம் இதுவே. அந்த இடத்தில் கிருமிகள் பிழைத்துக்கொள்ளும்.

எடுத்துக்காட்டாக, குளிர்சாதனப் பெட்டியில் 5 டிகிரி செல்சியஸில் இருந்த 250 கிராம் சாம்பாரை 75 டிகிரிக்குச் சூடாக்க ஏறத்தாழ 73,500 ஜூல் ஆற்றல் வேண்டும். உணவுக்கு 800 வாட் ஆற்றல் தரும் அடுப்பில் இதற்குச் சுமார் 92 நொடிகள் ஆகும். பாத்திரமும் சூடாவதால் நடைமுறையில் இன்னும் சற்று அதிகமாகும். ஒரு நிமிடம் வைத்து, கிளறி, மீண்டும் ஒரு நிமிடம் வைத்து, இரண்டு நிமிடம் மூடிவைத்தால் வெப்பம் சீராகப் பரவும். மீதமான உணவின் நடுப்பகுதி 74 டிகிரியை எட்ட வேண்டும் என்பது அமெரிக்க வேளாண் துறையின் பரிந்துரை. நடுவில் தொட்டால் சுடாத உணவை மீண்டும் சூடாக்க வேண்டும்.

சோற்றுக்கு இது மட்டும் போதாது. வடித்த சோறு பல மணி நேரம் வெளியில் கிடந்தால் பேசில்லஸ் செரியஸ் என்ற நுண்ணுயிரி பெருகி, வாந்தியை உண்டாக்கும் நச்சைச் சுரக்கக்கூடும். அந்த நச்சு கொதிநிலையையும் தாங்கும் என்பதால், மைக்ரோவேவிலோ விறகடுப்பிலோ சூடாக்கியும் பயனில்லை. மீதச் சோற்றை இரண்டு மணி நேரத்துக்குள் அகலமான பாத்திரத்தில் பரப்பிக் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பதே தீர்வு.