வில்லங்கம் 'இல்லை'னு வந்துச்சா? தேதியைப் பாருங்க!

மனை வாங்கணும். tnreginet.gov.in தளத்தில் சர்வே எண் 112/3B கொடுத்து, 2010-லிருந்து வில்லங்கம் தேடுறீங்க. பதிவு எதுவும் இல்லைன்னு வருது. நிம்மதியாகிடாதீங்க. நீங்க கேட்ட காலத்தில், கேட்ட எண்ணில் பதிவு இல்லைன்னுதான் அதுக்கு அர்த்தம்.

விற்பவரின் அப்பா 1998-ல் மனையை அடமானம் வச்சிருக்கலாம். அப்போ அது உட்பிரிவு ஆகாத 112/3. பத்திரமும் அந்த எண்ணில்தான் பதிவாகியிருக்கும். அதனால மூலப்பத்திரத்தில் உள்ள ஆண்டுக்கும் முன்னாடியிருந்து, பழைய எண், புது எண் ரெண்டுலயும் தேடுங்க. ஆன்லைனில் இல்லாத ஆண்டுகளுக்கு சார்பதிவாளர் ஆபீஸில் விண்ணப்பிக்கணும்.

அடமானம் தெரிஞ்சா, கடன் அடைச்ச ரசீதும் பதிவாகியிருக்கான்னு பாருங்க. பதிவு செய்யாத உயில் எந்த வில்லங்கச் சான்றிலும் வராது.