ஒரே புயல், ஒரு பக்கம் ‘அதிதீவிரம்’, இன்னொரு பக்கம் ‘ஐந்தாம் வகை’: புயலின் பலத்தை எப்படி அளக்கிறார்கள்?

2019 மே மாதத் தொடக்கத்தில் ஃபானி புயல் வங்கக் கடலில் ஒடிஷாவை நோக்கி வந்துகொண்டிருந்தது. இந்திய வானிலை ஆய்வு மையம் அதை ‘அதிதீவிரப் புயல்’ என்றது. அதன் உச்ச வேகம் மணிக்கு சுமார் 215 கி.மீ. என்று கணித்தது. அதே நேரத்தில் அமெரிக்க ராணுவத்தின் கூட்டுப் புயல் எச்சரிக்கை மையம் 250 கி.மீ. என்றது. அமெரிக்க அளவுகோலில் அது நான்காம் வகையின் மேல் விளிம்பு. புயல் ஓய்ந்த பிறகு பழைய தரவுகளை மறுபடி அலசிய அந்த மையம், உச்ச வேகத்தை 280 கி.மீ. என்று உயர்த்தி ஃபானியை ஐந்தாம் வகையில் சேர்த்தது. ஐந்தாம் வகைக்கு மேல் அங்கே வகையே கிடையாது. இந்தியக் கணக்கிலோ ஃபானி கடைசி வரை ‘சூப்பர் புயல்’ ஆகவில்லை.

யாரோ ஒருவர் தப்பாக அளந்துவிட்டார் என்று தோன்றலாம். விஷயம் அப்படி இல்லை. இந்த வித்தியாசத்துக்குள் மூன்று தனித்தனிக் காரணங்கள் இருக்கின்றன. அவற்றில் அதிகம் பேசப்படும் காரணம்தான் மிகச் சிறியது.

‘நீடித்த காற்று’ என்றால் என்ன?

புயல் காற்று ஒரே சீராக வீசாது. ஓங்கி அடிக்கும், சற்றுத் தணியும், மறுபடி அடிக்கும். அதனால் ஒரு கணத்தின் வேகத்தை வைத்துப் புயலுக்குப் பெயர் வைப்பதில்லை. தரையிலிருந்தோ கடல் மட்டத்திலிருந்தோ 10 மீட்டர் உயரத்தில், குறிப்பிட்ட நேரத்துக்கு வீசும் காற்றின் சராசரியை எடுக்கிறார்கள். அதுதான் நீடித்த காற்றின் வேகம். சில நொடிகள் மட்டும் ஓங்கி அடிப்பதை வன்காற்று என்று தனியாகச் சொல்வார்கள். ‘175 முதல் 185 கி.மீ. வேகத்தில், இடையிடையே 205 கி.மீ. வேகத்தில்’ என்று செய்தியில் வருகிறதே, அதில் முதலில் இருப்பது நீடித்த காற்று, பின்னால் வருவது வன்காற்று. புயலின் வகையைத் தீர்மானிப்பது முதல் எண் மட்டும்தான்.

சரி, எத்தனை நிமிடத்துக்குச் சராசரி எடுப்பது? முகமைகள் பிரிகிற முதல் இடம் இதுதான். அமெரிக்கா 1 நிமிடம் என்கிறது. இந்தியா 3 நிமிடம். ஜப்பானும் ஆஸ்திரேலியாவும் 10 நிமிடம், உலக வானிலை அமைப்பு பரிந்துரைப்பதும் அதுதான்.

இதனால் என்ன ஆகும் என்பதை ஒரு கற்பனைக் கணக்கில் பார்க்கலாம். கடலோரக் காற்றுமானி ஒன்று பத்து நிமிடங்களில், நிமிடத்துக்கு நிமிடம் இப்படிக் காட்டுகிறது என்று வையுங்கள்: 108, 112, 110, 116, 120, 128, 121, 114, 109, 112. எல்லாம் மணிக்கு கிலோமீட்டர். 1 நிமிட முறையில் இதன் உச்சம் 128. 3 நிமிட முறையில், 120, 128, 121 என்று அடுத்தடுத்து வரும் மூன்றின் சராசரிதான் உச்சம்: 123. பத்து நிமிடத்துக்கும் சேர்த்துச் சராசரி போட்டால் 115 வருகிறது.

இந்தியாவில் 118 கி.மீ. தொட்டால் ‘மிகத் தீவிரப் புயல்’. அமெரிக்காவில் ஏறக்குறைய அதே வேகத்தில் ‘ஹரிகேன்’, ஜப்பானில் ‘டைஃபூன்’. ஆக அந்தப் பத்து நிமிடக் காற்று, அமெரிக்க, இந்திய முறைகளில் கோட்டைத் தாண்டிவிட்டது, ஜப்பானிய முறையில் தாண்டவில்லை. காற்று ஒன்றுதான், கூட்டி வகுத்த நேரம்தான் வேறு.

118 என்ற எண் எங்கிருந்து வந்தது?

63, 89, 118 என்று ஒழுங்கில்லாத எண்கள் ஏன் என்று பலருக்கும் கேள்வி வரும். அவற்றை நாட் என்ற கடல் அளவில் எழுதினால் 34, 48, 64 என்று வரும். (ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கி.மீ.) இந்த எண்கள் பாய்மரக் கப்பல் காலத்துச் சொத்து. 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி ஃபிரான்சிஸ் பியூஃபோர்ட், காற்றின் பலத்தை 0 முதல் 12 வரை படிகளாகப் பிரித்தார். எந்தக் காற்றில் எத்தனை பாய் விரிக்கலாம் என்பதே அவருடைய அளவு. 12-ம் படி என்றால் எந்தப் பாயும் தாங்காது என்று அர்த்தம். பின்னாளில் படிகளுக்கு வேகம் குறித்தபோது 8-ம் படி 34 நாட்டிலும், 10-ம் படி 48 நாட்டிலும், 12-ம் படி 64 நாட்டிலும் தொடங்கின.

இந்தியாவில் 34 நாட்டில் ‘புயல்’, 48-ல் ‘தீவிரப் புயல்’, 64-ல் ‘மிகத் தீவிரப் புயல்’. தாழ்வு மண்டலம் தொடங்கும் 17 நாட்டும், ஆழ்ந்த தாழ்வு மண்டலம் தொடங்கும் 28 நாட்டும்கூட பியூஃபோர்ட் படிகளின் தொடக்கங்களே. ஆஸ்திரேலியாவும் ஜப்பானும் இதே 34, 48, 64 கோடுகளைத்தான் போடுகின்றன. அமெரிக்கா 48-ஐ மட்டும் விட்டுவிட்டது. ஆக 64 நாட் வரைக்கும் உலகம் கிட்டத்தட்ட ஒத்துப்போகிறது.

அதற்கு மேல் பியூஃபோர்டிடம் படி இல்லை. கப்பலுக்கு அதற்கு மேல் தெரிந்து ஆகப்போவதும் ஒன்றுமில்லை. கரையில் இருப்பவர்களுக்கு ஆகும். அங்கேதான் ஒவ்வொரு நாடும் தன் வழியில் போனது.

வீட்டைப் பார்த்துப் போட்ட கோடு

அமெரிக்காவின் ஐந்து வகைகளும் கப்பலிலிருந்து வந்தவை அல்ல. 1969-ல் ஐ.நா.வுக்காகப் புயல் பகுதிகளில் மலிவு விலை வீடுகள் பற்றி ஆராய்ந்த ஹெர்பர்ட் சஃபீர் என்ற கட்டுமானப் பொறியாளர், எந்த வேகத்தில் எந்தக் கட்டடம் என்ன ஆகும் என்று படிகள் போட்டார். அமெரிக்க தேசிய ஹரிகேன் மையத்தின் இயக்குநராக இருந்த ராபர்ட் சிம்ப்சன் அதை வளர்த்தெடுத்தார். கூரை ஓடு பறப்பது, கூரையே போவது, வீடு நிலைகுலைவது என்கிற வரிசை அது. மணிக்கு சுமார் 252 கி.மீ. தாண்டினால் ஐந்தாம் வகை. தொடக்கத்தில் கடல் எவ்வளவு உள்ளே ஏறும் என்பதையும் இந்த வகைகளோடு சேர்த்திருந்தார்கள். அந்தக் கணக்கு அடிக்கடி பொய்த்ததால், பிறகு அதை நீக்கிவிட்டுக் காற்றை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

இந்தியாவில் மேல் படிகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. 1988 வரை ‘தீவிரப் புயல்’தான் உச்சம். 1999-ல் ‘மிகத் தீவிரப் புயல்’, ‘சூப்பர் புயல்’ என்ற இரண்டு வந்தன. அதே ஆண்டு அக்டோபரில் ஒடிஷாவைத் தாக்கிச் சுமார் 10,000 பேரைப் பலிகொண்டது ஒரு சூப்பர் புயல்தான். இரண்டுக்கும் நடுவில் இடைவெளி பெரிதாக இருந்ததால், 2015-ல் ‘அதிதீவிரப் புயல்’ என்ற படியைச் செருகினார்கள். அது 90 நாட்டில், அதாவது சுமார் 167 கி.மீ.யில் தொடங்கும். சூப்பர் புயல் 120 நாட், சுமார் 222 கி.மீ.

(தமிழ்ச் செய்திகளில் ‘மிகத் தீவிர’, ‘அதிதீவிர’ இரண்டையும் மாற்றி மாற்றிப் போடுவது சகஜம். பெயரைவிடப் பக்கத்தில் இருக்கும் எண்ணைப் பார்ப்பதே நல்லது.)

ஆஸ்திரேலியாவிலும் 1 முதல் 5 வரை வகைகள் உண்டு. ஆனால் அங்கே புயல் என்ற தகுதி வந்தவுடனேயே, 63 கி.மீ.யில், முதல் வகை தொடங்கிவிடும். அமெரிக்காவில் முதல் வகைக்கு 119 கி.மீ. வேண்டும். ‘இரண்டாம் வகைப் புயல்’ என்று யாராவது சொன்னால், எந்த நாட்டு இரண்டு என்று கேட்காமல் அதற்கு அர்த்தமே இல்லை.

அப்படியானால் ஃபானி?

சராசரி எடுக்கும் நேரத்தை மட்டும் வைத்து ஃபானியை விளக்கிவிட முடியுமா? முடியாது. கடலின் மேல் 10 நிமிட வேகம் 1 நிமிட வேகத்தைவிடச் சுமார் 7 சதவீதம் குறைவாக இருக்கும் என்பது உலக வானிலை அமைப்பின் வழிகாட்டுதல். 3 நிமிட வேகத்துக்கும் 1 நிமிட வேகத்துக்கும் வித்தியாசம் அதைவிடச் சிறியது. 215-ஐ இப்படி மாற்றினால் 230-ஐத் தொடுவதே கஷ்டம். 280 எங்கே, 230 எங்கே?

மீதி வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. நடுக்கடலில் புயலின் மையத்தை ஒட்டிக் காற்றுமானி வைத்து யாரும் அளப்பதில்லை. அட்லாண்டிக்கில் அமெரிக்க விமானங்கள் புயலுக்குள்ளேயே போய்க் கருவிகளைப் போட்டு அளக்கின்றன. வங்கக் கடலில் அப்படி வழக்கமான ஏற்பாடு இல்லை. முக்கியமாக நம்பியிருப்பது செயற்கைக்கோள் படங்களை.

வெர்னான் த்வோராக் என்ற அமெரிக்க வானிலையாளர் உருவாக்கிய முறையில், மேகச் சுருளின் வடிவம், புயலின் கண் எவ்வளவு சூடாக இருக்கிறது, சுற்றியுள்ள மேகத்தின் உச்சி எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்பதையெல்லாம் பார்த்து ஓர் எண் தருவார்கள். அது அரை அரையாக ஏறும். 6 என்றால் 115 நாட், 6.5 என்றால் 127 நாட், 7 என்றால் 140 நாட் என்று அட்டவணை இருக்கிறது. படத்தைப் பார்ப்பவர் ஒரு அரைப்படி கூட்டினாலோ குறைத்தாலோ மணிக்கு 22 கி.மீ.க்கு மேல் மாறிவிடும். 1 நிமிடமா 3 நிமிடமா என்ற சண்டையைவிட இது பெரிது.

ஃபானியின் 215 கி.மீ. என்பது நாட்டில் 115-தான். அட்டவணையில் 6-க்கு நேராக இருக்கும் அதே எண். 280 கி.மீ. என்பது சுமார் 150 நாட், 7-க்கும் மேல். இரண்டு மையங்களும் ஒரே புயலின் படங்களிலிருந்து இரண்டு படிக்கு மேல் வேறுபட்டு வாசித்திருக்கின்றன. எது உண்மைக்கு நெருக்கம் என்று சொல்ல, அந்த நேரத்தில் மையத்துக்குப் பக்கத்தில் ஒரு கருவி இருந்திருக்க வேண்டும்.

மே 3 காலை 8 மணிக்கும் 10 மணிக்கும் இடையே பூரி அருகே கரையைக் கடந்தபோது, இந்திய மையத்தின் கணக்கில் வேகம் 175-185 கி.மீ., வன்காற்று 205 கி.மீ. இந்த 3 நிமிட எண்ணை அப்படியே எடுத்து அமெரிக்க அட்டவணையில் வைத்தால் இரண்டாம் வகைக்கும் மூன்றாம் வகைக்கும் நடுவே வந்து நிற்கும். இரண்டு முறைகளைக் கலப்பதால் வருகிற குழப்பம் இது. புயல் நேரத்தில் சமூக வலைதளங்களில் பரவும் ‘நம்மவர்கள் குறைத்துச் சொல்கிறார்கள்’ வகைப் பதிவுகளில் பலவும் இப்படி உருவானவைதான்.

எல்லாரும் ஒரே அளவுக்கு மாறினால் என்ன?

மாறினால் பழைய பதிவுகள் எல்லாவற்றையும் திருத்த வேண்டும். கட்டட விதிகள், துறைமுக எச்சரிக்கைக் கூண்டு எண்கள், மக்களை எப்போது வெளியேற்றுவது என்ற உத்தரவுகள் எல்லாம் அந்தந்த நாட்டுப் பெயர்களோடு பின்னிக் கிடக்கின்றன. அமெரிக்க ராணுவ மையம் தன் எச்சரிக்கைகளை முதலில் தன் கப்பல்களுக்கும் தளங்களுக்கும்தான் எழுதுகிறது. வட இந்தியப் பெருங்கடலுக்கு உலக வானிலை அமைப்பு பொறுப்புக் கொடுத்திருப்பது டெல்லியில் உள்ள இந்திய மையத்துக்கு. வங்கதேசமும் மியான்மரும் இலங்கையும் பார்ப்பது அதன் அறிக்கைகளை.

எந்த நாட்டு வகையானாலும், அது காற்றைத் தவிர வேறெதையும் சொல்வதில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் ‘தீவிரப் புயல்’ படியோடு நின்றது, கரையைக் கடந்ததும் ஆந்திராவின் பாபட்லா அருகே. சென்னையை மூழ்கடித்தது அதன் மழை. 2020 மே மாதம் ஆம்பன் கடலில் சூப்பர் புயலாக இருந்து, சுந்தரவனம் அருகே கரையேறும்போது 155-165 கி.மீ. வேகத்தோடு ‘மிகத் தீவிர’ படிக்கு இறங்கியிருந்தது. ஆனால் சூப்பர் புயலாக இருந்தபோது அது கிளப்பிய கடல் அதே வேகத்தில் இறங்கவில்லை, உப்புநீர் கரைகளை உடைத்து வயல்களுக்குள் ஏறியது. அதனால்தான் புயல் அறிக்கையில் காற்றுக்குக் கீழே, மழைக்கும் கடல் ஏற்றத்துக்கும் தனித்தனிப் பத்திகள் இருக்கின்றன.